தலை இடித்து, வியர்த்து, நெஞ்சு படபடக்கும்போது பி.பி. ஏறுகிறதா? அட்ரினல் கட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்த அழுத்தத்துக்காக வருகிறவர்களைப் பல வருடங்களாகப் பார்த்துவரும் மருத்துவர் நான். "திடீரென்று வருகிறது, போய்விடுகிறது" என்று சொல்கிறவர்கள் கையில் இந்த அட்ரினல் கட்டிக்கான ஃபியோகுரோமோசைட்டோமா என்ற வாயில் நுழையாத பெயரும் இருக்கிறது. எங்கேயோ படித்துவிட்டு வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நடுவில் வரும் நோயாளியின் கதையில் அடையாள விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அடிக்கடி தலைவலி, வியர்வை, படபடப்பு. பி.பி.யும் ஏறுது. இது அந்த அட்ரினல் கட்டிதானா?

பெரும்பாலும் இல்லை. உயர் ரத்த அழுத்தம் உள்ள ஆயிரம் பேரை எடுத்தால், இந்தக் கட்டி இருப்பவர்கள் சுமார் இரண்டிலிருந்து ஆறு பேர். மற்றவர்களுக்கு வருகிற படபடப்புக்கும் வியர்வைக்கும் பதற்றம், தைராய்டு, மாதவிடாய் நிற்கும் பருவம், மூக்கடைப்பு மாத்திரை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் என்று வேறு காரணங்கள் இருக்கும்.

அப்படியானால் எதற்கு இவ்வளவு பேச்சு? இருக்கிற அந்தச் சிலரில் பலருக்கு அறுவை சிகிச்சையோடு தொல்லை தீர்ந்துவிடும். தெரியாமல் விட்டாலோ ஒரு சாதாரண பல் சிகிச்சையோ குடலிறக்க ஆபரேஷனோகூட ஆபத்தாக முடியலாம். அதனால் எல்லோருக்கும் சோதனை தேவையில்லை, தேவைப்படுகிறவர்களை விட்டுவிடவும் கூடாது.

அட்ரினல்னா என்ன? சின்னக் கட்டி எப்படி இவ்வளவு ஆட்டம் காட்டுது?

இரண்டு சிறுநீரகங்களின் தலைமாட்டிலும் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள்தான் அட்ரினல். ஒவ்வொன்றுக்கும் வெளிப்பகுதி, உள்பகுதி என்று இரண்டு உண்டு. உள்பகுதிதான் அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் சுரக்கிறது. நாய் துரத்தும்போது நம்மை ஓடவைப்பது இவைதான். அந்த உள்பகுதிச் செல்களில் தோன்றும் கட்டி, துரத்தும் நாய் எதுவும் இல்லாமலே இவற்றை ரத்தத்தில் கொட்டுகிறது.

நார்அட்ரினலின் ரத்தக்குழாய்களை இறுக்குகிறது, அழுத்தம் எகிறுகிறது, தலை சம்மட்டியால் அடிப்பதுபோல் இடிக்கிறது. அட்ரினலின் இதயத்தை விரட்டுகிறது. வியர்வைச் சுரப்பிகளும் தூண்டப்படுகின்றன. தோலின் குழாய்கள் இறுகுவதால் முகம் வெளிறுகிறது. கல்லீரலிலிருந்து சர்க்கரையும் வெளியேறும். அதனால் சிலருக்கு ரத்தச் சர்க்கரை ஏறியிருப்பதும் எடை குறைவதும் உண்டு.

இதே வகைச் செல்கள் கழுத்திலும், முதுகெலும்பை ஒட்டியும், சிறுநீர்ப்பை அருகிலும் இருக்கின்றன. அங்கே கட்டி வந்தால் பாராகாங்லியோமா என்பார்கள். சிறுநீர்ப்பையில் இருந்தால் சிறுநீர் கழித்த உடனே தலை இடிக்கத் தொடங்கும். கேட்டால் மட்டுமே நோயாளி இதைச் சொல்வார், கூச்சத்தால்.

எந்த மாதிரி வந்தா சந்தேகப்படணும்?

தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து, திடீரென்று, ஒரே அச்சில் வார்த்ததுபோல் மறுபடி மறுபடி வந்தால் நான் காதைத் தீட்டிக்கொள்வேன். ஒருமுறை வந்த மாதிரியேதான் அடுத்த முறையும் வரும். சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரம் வரை நீடித்து, பிறகு ஆளை முறுக்கிப் பிழிந்த துணியாக விட்டுவிட்டுப் போகும். சிலருக்குத் தினமும், சிலருக்கு மாதத்துக்கு ஒருமுறை.

தூண்டுவது பெரும்பாலும் உடல் சார்ந்தது. குனிவது, ஒரு பக்கமாகப் புரண்டு படுப்பது, மலம் கழிக்க முக்குவது, வயிற்றை அழுத்துவது. சில மருந்துகளும் தூண்டும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடும், ஸ்டீராய்டு ஊசியும் அவற்றில் முக்கியமானவை. சில நேரம் எந்தக் காரணமும் தெரியாது.

இந்த மூன்றும் இல்லாமலே சந்தேகப்பட வேண்டிய இடங்களும் உண்டு. மூன்று நான்கு மாத்திரைகளுக்கும் அடங்காத பி.பி., மயக்க மருந்து கொடுக்கும்போது அழுத்தம் எகிறியது, குடும்பத்தில் யாருக்காவது இந்தக் கட்டி இருந்தது, வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் அட்ரினலில் கட்டி தெரிந்தது. இன்னொன்றும் உண்டு: படுக்கையில் 170 காட்டும் அழுத்தம் எழுந்து நின்றதும் சரிந்து தலைசுற்றுவது. குழாய்கள் எப்போதும் இறுகியே இருப்பதால் உள்ளே ஓடும் நீரின் அளவு குறைந்துபோயிருக்கும். இதை மறக்க வேண்டாம், ஆபரேஷன் பற்றிய கேள்வியில் மறுபடி வரும்.

எனக்கு வர்ற நேரத்துல முகம் சிவந்து சூடாகுது. அதுவும் இதுதானா?

சிவப்பு இதற்கு எதிரான சாட்சி. மேலே சொன்னபடி இந்தக் கட்டியில் குழாய்கள் இறுகும், முகம் வெளுக்கும். சிவந்து சூடாவது என்றால் மாதவிடாய் நிற்கும் பருவம், சில மருந்துகள், ரோசேசியா போன்ற தோல் தொந்தரவு என்று வேறு பக்கம் பார்க்க வேண்டும். முழுக்க ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் பக்கத்தில் இருப்பவரிடம் "அந்த நேரத்தில் இவர் முகம் என்ன நிறம்?" என்று நான் கட்டாயம் கேட்பேன். கண்ணாடி பார்க்கிற நிலையில் நோயாளி இருக்க மாட்டார்.

பயத்தால பி.பி. ஏறுதா, பி.பி. ஏறுறதால பயமா? எல்லாரும் டென்ஷன்னு சொல்றாங்க.

இரண்டும் நடக்கும், அதுதான் சிக்கல். பதற்றத் தாக்குதலிலும் அட்ரினலின்தான் ஏறுகிறது, அதனால் உடலுக்கு ஒரே மாதிரிதான் தோன்றும். வேறுபாட்டைத் தொடக்கத்தில் தேட வேண்டும். பதற்றத்தில் முதலில் வருவது பெரும்பாலும் மூச்சு முட்டுவது, கை விரல் நுனியில் மரத்துப்போவது, "செத்துவிடுவோமோ" என்ற எண்ணம். கட்டியில் முதலில் வருவது உடல்: தலை இடிப்பு, நெஞ்சில் உதைப்பு. பயம் அதற்குப் பிறகு சேரும். இது நூற்றுக்கு நூறு சரியான கோடு இல்லை. கட்டி உள்ள சிலருக்கும் பயமே முதலில் வருவதுண்டு.

நான் அடிக்கடி பார்ப்பது இன்னொரு வட்டம். ஒருவருக்கு லேசாகப் படபடக்கிறது. மெஷினை எடுக்கிறார், 158. பயந்துபோய் இரண்டு நிமிடத்தில் மறுபடி எடுக்கிறார், 172. மூன்றாவது முறை 185. கட்டியே இல்லாமல் இப்படி ஏறும். ஆனால் "டென்ஷன்" என்ற ஒரே சொல்லை வைத்து ஆண்டுக்கணக்கில் இழுக்கப்பட்டு, கடைசியில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். படபடப்போடு அழுத்தமும் உண்மையாகவே எகிறுகிறதென்றால் ஒருமுறை சோதித்துவிடுவது நியாயம். அதன்பிறகு டென்ஷன் என்று சொன்னால் அதற்கு மதிப்பிருக்கும்.

அந்த நேரத்துல வீட்டு மெஷின்ல 190, 200 காட்டுது. டாக்டர்கிட்ட போறப்போ 130. நம்ப மாட்டேங்கிறாங்க. என்ன பண்றது?

எழுதி வாருங்கள். வெறும் எண் போதாது. தேதி, தொடங்கிய நேரம், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எது முதலில் வந்தது, முகத்தின் நிறம், அழுத்தம், நாடித்துடிப்பு, முடிந்த நேரம், முடிந்தபின் ஒரு அளவு. தாக்குதலின்போது இரண்டு முறை அளந்தால் போதும். வட்டத்தைப் பற்றிச் சற்றுமுன்தான் சொன்னேன். பட்டை கைக்குப் பொருத்தமான அளவில் இருக்க வேண்டும், சிறிய பட்டை இல்லாத அழுத்தத்தைக் காட்டும்.

என்னிடம் வந்த 46 வயதுக்காரர் ஒருவரின் நோட்டு இப்படி இருந்தது. மூன்று வாரத்தில் ஏழு முறை. ஏழில் நான்கு முறை ஷூ நாடா கட்டவோ கீழே கிடப்பதை எடுக்கவோ குனிந்தபோது. ஒருமுறை கழிவறையில். இரண்டு முறை காரணம் தெரியவில்லை. ஒரு பதிவில் 204/116, நாடி 112. நாற்பது நிமிடம் கழித்து 132/82, நாடி 84. "சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தார்" என்று மனைவி ஓரத்தில் எழுதியிருந்தார். என்னைச் சோதனைக்கு நகர்த்தியது 204 என்ற எண்ணைவிட, நான்கு முறை வந்த அந்தக் குனிதலும் ஓரத்தில் இருந்த அந்த ஒரு வரியும்தான். அதற்கு முன் இரண்டு ஆண்டுகளாக அவருக்கு ஒற்றைத் தலைவலிக்கும் பதற்றத்துக்கும் மருந்து ஓடிக்கொண்டிருந்தது.

எப்போ வீட்லயே இருக்கக் கூடாது? உடனே ஓடணும்னா எப்போ?

எண் 180/120-ஐத் தாண்டியிருக்கும்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், குழப்பம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலமின்மை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் நோட்டை மூடிவிட்டு அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அட்ரினலின் வெள்ளம் இதயத் தசையையே தற்காலிகமாகச் செயலிழக்க வைக்கக்கூடும். அங்கே போனதும் "இந்தக் கட்டி சந்தேகம் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்பது பீட்டா பிளாக்கர் கேள்வியில் இருக்கிறது.

எனக்கு எப்பவாவதுதான் வருது. வராத நாள்ல டெஸ்ட் எடுத்தா நார்மல்னு வந்துடாதா?

அட்ரினலினை நேரடியாக அளந்தால் அப்படித்தான் ஆகும். பழைய காலத்தில் அதனால்தான் நிறைய தவறின. இப்போது அளப்பது அதை இல்லை. அட்ரினலின் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரினையும், நார்அட்ரினலின் சிதைந்து உண்டாகும் நார்மெட்டாநெஃப்ரினையும் அளக்கிறோம்.

இதில் ஒரு அழகான விஷயம் இருக்கிறது. கட்டிச் செல்லுக்குள் ஹார்மோன் சிறு பைகளில் சேமித்துவைக்கப்பட்டிருக்கும். பையிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகச் செல்லுக்குள்ளேயே கசிந்துகொண்டிருக்கும். கசிந்ததை அந்தச் செல்லில் உள்ள ஒரு நொதி அங்கேயே மெட்டாநெஃப்ரினாக மாற்றி வெளியே அனுப்பும். பைகள் மொத்தமாக உடைந்து கொட்டுவது தாக்குதல் நேரத்தில் மட்டும். கசிவு இரவும் பகலும் ஓயாது. எனவே நீங்கள் நிம்மதியாக இருக்கும் நாளில் எடுத்த ரத்தத்திலும் மெட்டாநெஃப்ரின் கூடுதலாகத்தான் இருக்கும். தாக்குதல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

ரத்தமா, 24 மணி நேர சிறுநீரா? எதை எடுக்கணும், எப்படிப் போகணும்?

இரண்டும் நல்ல சோதனைகளே. எது உங்களுக்குச் சரியாகச் செய்யக் கிடைக்கிறதோ அது. "சரியாக" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரத்தம் என்றால் 20 முதல் 30 நிமிடம் அமைதியாகப் படுத்திருந்து, படுத்தபடியே எடுக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்தாலே உடல் நார்அட்ரினலினைக் கூட்டும், நார்மெட்டாநெஃப்ரின் பொய்யாக ஏறிவிடும். வெறும் வயிற்றில் போங்கள். அன்று காலை காபி, சிகரெட், உடற்பயிற்சி வேண்டாம். நாற்காலியில் உட்காரவைத்து ஊசி போட வந்தால் "படுத்துதான் எடுக்கணும்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

சிறுநீர் என்றால் காலை முதல் சிறுநீரை வெளியே விட்டுவிட்டு, அதற்குப் பின் வருவது ஒவ்வொன்றையும், மறுநாள் காலை அதே நேரத்துச் சிறுநீர் உட்பட, கலனில் சேர்க்க வேண்டும். நடுவில் ஒருமுறை மறந்தால் அளவு கெட்டது. சேகரிப்பு முழுமையா என்று பார்க்க ஆய்வகம் கிரியாட்டினினையும் அளக்கும்.

மருந்துகளின் பட்டியலை முன்கூட்டியே மருத்துவரிடம் கொடுங்கள். மனச்சோர்வுக்கான வென்லாஃபாக்சின், டூலாக்ஸிடின், அமிட்ரிப்டிலின், பார்க்கின்சனுக்கான லெவோடோபா, மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் எல்லாம் முடிவை ஏற்றிக்காட்டும். சில ஆய்வக முறைகளில் பாராசிட்டமாலும் குழப்பும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மனச்சோர்வு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வருகிற தொல்லையே இந்தக் கட்டி போலத் தோன்றும்.

ரிப்போர்ட்ல சிவப்பு எழுத்துல "அதிகம்"னு வந்திருக்கு. முடிஞ்சுதா கதை?

எவ்வளவு அதிகம் என்று முதலில் பாருங்கள். இயல்பு அளவின் மேல் எல்லையைவிட மூன்று நான்கு மடங்குக்கு மேல் போனால் கட்டிக்கான வாய்ப்பு மிக அதிகம். ஒன்றே கால், ஒன்றரை மடங்கு என்றால் பெரும்பாலும் பொய் எச்சரிக்கை. உட்கார்ந்து எடுத்தது, மேலே சொன்ன மருந்துகள், உடல்நலமில்லாத நேரத்தில் எடுத்தது, சிகிச்சை இல்லாத தூக்க மூச்சுத்தடை என்று காரணம் தேட வேண்டும். இந்தச் சோதனை உள்ள கட்டியைப் பெரும்பாலும் விடாது, இல்லாத கட்டியையும் சில நேரம் காட்டும். மிக அபூர்வமான நோய் என்பதால், லேசாக ஏறிய முடிவுகளில் பொய்யானவையே அதிகமாக இருக்கும்.

ஒரு பெண்மணிக்கு நார்மெட்டாநெஃப்ரின் ஒன்றரை மடங்கு. வீட்டில் அழுகை, உயில் பேச்சுவரை போய்விட்டது. கேட்டால் உட்கார்ந்து எடுத்திருக்கிறார்கள், வென்லாஃபாக்சினும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசி, மெதுவாகக் குறைத்து மாற்றி, சில வாரம் கழித்துப் படுக்கவைத்து எடுத்தோம். இயல்பு அளவு. அந்த 46 வயதுக்காரருக்கோ நார்மெட்டாநெஃப்ரின் ஐந்து மடங்கு, மெட்டாநெஃப்ரின் ஆறு மடங்கு. மறுபரிசீலனைக்கு அங்கே இடமில்லை.

எதுக்கு இந்தச் சுத்துவழி? நேரா ஒரு ஸ்கேன் எடுத்துட்டா தெரிஞ்சிடுமே?

தெரியும், தேவையில்லாததும் தெரியும். நடுவயதைக் கடந்தவர்களை வரிசையாக நிறுத்தி வயிற்றை ஸ்கேன் எடுத்தால் நூற்றில் நாலைந்து பேருக்கு அட்ரினலில் ஏதோ ஒரு முடிச்சு இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை எதையும் சுரக்காதவை. முதலில் ஸ்கேன் எடுத்தால் அப்பாவி முடிச்சு ஒன்று உங்கள் பதற்றத்துக்குப் பழி ஏற்கும். சரி, ஹார்மோன் உறுதியான பிறகு எடுத்தால் அதே படம் "எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது" என்ற கேள்விக்கு விடை ஆகிறது.

நம் நோயாளிக்கு மெட்டாநெஃப்ரினும் ஏறியிருந்ததால் கட்டி அட்ரினலில்தான் இருக்கும் என்று முன்பே ஊகிக்க முடிந்தது. நார்அட்ரினலினை அட்ரினலினாக மாற்றும் நொதி பெரும்பாலும் அங்குள்ள செல்களில்தான் உண்டு. சி.டி.யில் இடப்பக்கம் 4.3 செ.மீ. கட்டி. நார்மெட்டாநெஃப்ரின் மட்டும் ஏறியிருந்தால் கழுத்திலிருந்து இடுப்புவரை தேட நேரிடலாம்.

வேற எதுக்கோ எடுத்த ஸ்கேன்ல அட்ரினல் கட்டின்னாங்க. எனக்குப் பி.பி.யே இல்ல. அப்பவும் டெஸ்ட் வேணுமா?

கட்டியின் அடர்த்தியைப் பொறுத்தது. மருந்து ஏற்றாத சி.டி.யில் அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் குறிப்பார்கள். 10-க்குக் கீழே என்றால் அது கொழுப்பு நிறைந்த சாதுவான முடிச்சு, ஃபியோகுரோமோசைட்டோமா இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மெட்டாநெஃப்ரின் சோதனை தேவைப்படாது, மற்ற அட்ரினல் ஹார்மோன்களை மருத்துவர் பார்ப்பார். 10-க்கு மேல் என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் சோதிக்க வேண்டும். இந்தக் கட்டி உள்ளவர்களில் சிலருக்கு அழுத்தம் இயல்பாகவே இருக்கும். நம் நோயாளியின் கட்டி 36 காட்டியது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இந்தச் சோதனை முடியாமல் யாரும் அந்தக் கட்டியில் ஊசி குத்தித் திசு எடுக்கக் கூடாது. குத்துவதே பைகளை உடைத்துவிடும்.

படபடப்புக்கு பீட்டா பிளாக்கர் குடுத்தாங்க. பி.பி. இன்னும் ஏறிடுச்சு. அது எப்படி?

இது நடந்தால் அதுவே ஒரு துப்பு. அட்ரினலினுக்கு உடலில் ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகை வாசல்கள். ஆல்பா வாசல் ரத்தக்குழாயை இறுக்கும். பீட்டா வாசலில் ஒரு வகை இதயத்தை விரட்டும், இன்னொரு வகை தசைகளில் உள்ள குழாய்களை விரிக்கும். புரோப்ரனலால் போன்ற மாத்திரை பீட்டாவை மட்டும் அடைத்தால் விரிக்கும் வேலை நின்றுபோய், இறுக்கும் வேலை தடையின்றி நடக்கும். அழுத்தம் எகிறும். வேகம் குறைக்கப்பட்ட இதயம் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள முடியாமல் திணறும்.

அதனால்தான் முதலில் ஆல்பா, பிறகுதான் பீட்டா என்ற வரிசை. இரண்டையும் அடைக்கும் லபெட்டலால் இருக்கிறதே என்று கேட்பார்கள். அதில் பீட்டா அடைப்புதான் பலமானது, முதல் மருந்தாக அதைக் கொடுப்பதில்லை. ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினாலும் இதயம் தாறுமாறாக ஓடும். மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் மாற்றித் தருவார்.

கட்டி உறுதியாயிடுச்சு. ஆனா ரெண்டு வாரம் மாத்திரை குடுத்து காக்க வைக்கிறாங்க. ஏன் உடனே எடுக்கல?

தயாரிப்பில்லாத உடலில் அறுவைக் கருவி கட்டியைத் தொட்டாலே அழுத்தம் 250-ஐத் தாண்டலாம். கட்டியின் ரத்தக்குழாயைக் கட்டிய அடுத்த நிமிடம் ஹார்மோன் நின்று, அழுத்தம் பாதாளத்துக்குப் போகலாம். எழுந்தால் தலைசுற்றும் என்று முன்பே சொன்ன அந்தக் குறைந்த நீரளவுதான் இதற்குக் காரணம். எனவே 7 முதல் 14 நாள் ஆல்பா பிளாக்கர் கொடுத்துக் குழாய்களைத் தளர்த்துகிறோம். டாக்சசோசின், பிரசோசின், ஃபினாக்சிபென்சமின் இவற்றில் ஒன்று. மாத்திரை தொடங்கிய இரண்டு மூன்று நாளில் உப்பும் நீரும் அதிகம் எடுக்கச் சொல்கிறோம். உப்பைக் குறை என்றே காலமெல்லாம் கேட்ட பி.பி.க்காரர்கள் இதை நம்பவே மாட்டார்கள்.

நம் நோயாளிக்கு டாக்சசோசின் தொடங்கி அளவைக் கூட்டிக்கொண்டே போனோம். மூக்கடைப்பு வந்தது. ஆல்பா வாசல் அடைபட்டதற்கு அது ஒரு அடையாளம். ஐந்தாம் நாளிலிருந்து நாடி நூறைத் தாண்டியதால் பீட்டா பிளாக்கரைச் சேர்த்தோம். பதினான்காம் நாள் உட்கார்ந்தால் 124/78, நின்றால் 104. லேப்ராஸ்கோப்பியில் கட்டியை எடுத்தார்கள். அன்றிரவு அழுத்தம் 92/56 வரை இறங்கியது, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். மணிக்கணக்கில் சர்க்கரையும் பார்த்தார்கள். இதுவரை அடக்கிவைக்கப்பட்டிருந்த இன்சுலின் திடீரென்று விடுபடும்போது சர்க்கரை தாழ்ந்துவிடும். நாலு வாரம் கழித்து மெட்டாநெஃப்ரின் இயல்பு. குனிந்து ஷூ நாடா கட்டிக் காட்டினார்.

இது கேன்சரா?

பெரும்பாலானவை பரவுவதில்லை. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்து "இது பரவவே பரவாது" என்று யாராலும் எழுதித்தர முடியாது. அதனால்தான் 2017-லிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் நல்ல கட்டி, கெட்ட கட்டி என்ற பிரிவையே எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் பரவும் ஆற்றல் உண்டு என்று வைத்திருக்கிறார்கள். பெரிய கட்டி, அட்ரினலுக்கு வெளியே உள்ள கட்டி, கீழே சொல்லப்போகும் எஸ்.டி.எச்.பி. மரபணு மாற்றம் உள்ள கட்டி ஆகியவற்றில் கவலை கூடுதல். எடுத்த பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை மெட்டாநெஃப்ரின் பார்ப்பது குறைந்தது பத்து வருடம் தொடர வேண்டும்.

எனக்கு வந்தா பிள்ளைங்களுக்கும் வருமா?

வரலாம். இந்தக் கட்டி உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பிறவியிலேயே மரபணு மாற்றம் இருக்கிறது. குடும்பத்தில் வேறு யாருக்கும் தெரியாத நிலையிலும் அப்படி இருக்கும். ரெட், வி.எச்.எல்., என்.எஃப்.1, எஸ்.டி.எச். வரிசை என்பவை முக்கியமான மரபணுக்கள். எனவே வயது, குடும்ப வரலாறு பார்க்காமல் எல்லோருக்கும் மரபணுச் சோதனை பற்றிப் பேச வேண்டும்.

1886-இல் ஃபிராங்கெல் என்ற ஜெர்மன் மருத்துவர், 18 வயதுப் பெண் ஒருவர் படபடப்பும் தலைவலியுமாக வந்து இறந்துபோனதையும், இரண்டு அட்ரினல்களிலும் கட்டி இருந்ததையும் எழுதிவைத்தார். சுமார் 120 ஆண்டுகளுக்குப் பிறகு, 2007-இல், அவருடைய குடும்ப வழியில் உயிரோடு இருந்தவர்களைச் சோதித்தபோது ரெட் மரபணு மாற்றம் இருந்தது தெரியவந்தது. ரெட் மாற்றம் தைராய்டு புற்றுநோய் ஒன்றையும் கொண்டுவரும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரிந்தால் தைராய்டை நேரத்தோடு எடுத்துக் காப்பாற்றலாம். நம் நோயாளிக்கு எந்த மாற்றமும் கிடைக்கவில்லை.

டெஸ்ட் முறையாத்தான் எடுத்தாங்க, நார்மல். ஆனா எனக்கு இன்னும் அதே மாதிரி வருதே?

முறையாகப் படுக்கவைத்து எடுத்த முடிவு இயல்பு என்றால், அழுத்தத்தை 200-க்குத் தள்ளும் அளவுக்குச் சுரக்கும் கட்டி உங்களிடம் இல்லை என்று நம்பலாம். கசிவு பற்றிய விளக்கத்தை மறுபடி படித்துப் பாருங்கள். அந்த அளவு கொட்டும் கட்டி கசியாமல் இருக்க முடியாது. மிகச் சிறிய கட்டி சோதனைக்குத் தப்பலாம், ஆனால் அது உங்களைத் தாக்கும் அளவுக்கு வளர்ந்திருக்காது. தாக்குதலின் முகம் மாறினாலோ அடிக்கடி வரத் தொடங்கினாலோ மறுபடி ஒருமுறை எடுக்கலாம், தாக்குதல் தொடங்கியதும் 24 மணி நேரச் சிறுநீர் சேகரிப்பைத் தொடங்குவதும் ஒரு வழி. மாதாமாதம் எடுத்தால் என்றாவது ஒருநாள் பொய் எச்சரிக்கை ஒன்றைச் சம்பாதிப்பீர்கள்.

அப்படியானால் வருவது என்ன? இதயத் துடிப்பின் தாளக் கோளாறு ஒன்று இருக்கலாம், நாடி 150-க்கு மேல் போய்ச் சட்டென்று நின்றால் அதுதான் முதலில் நினைவுக்கு வரும், நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் சோதனை தேவை. தைராய்டு, தாழ்சர்க்கரை, தூக்க மூச்சுத்தடை, குளோனிடின் என்ற பி.பி. மாத்திரையை இடையில் விட்டதால் வரும் எகிறல் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். எல்லாம் இயல்பாக இருந்தும் அழுத்தம் எகிறிக்கொண்டே இருக்கும் ஒரு கூட்டம் உண்டு. மருத்துவத்தில் போலி ஃபியோகுரோமோசைட்டோமா என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. "எனக்குக் கவலையே இல்லை டாக்டர்" என்று அவர்களில் பலர் சொல்வார்கள், பொய்யும் இல்லை. பல வருடம் முன் நடந்த ஒரு பெரிய அதிர்ச்சியைப் பற்றி மூன்றாவது சந்திப்பில் பேச்சு வரும், அதையும் வேறு யாருக்கோ நடந்ததுபோல் சொல்வார்கள். அவர்களுக்கு ஆல்பா, பீட்டா மருந்துகள் சேர்த்தும், சிலருக்கு மனச்சோர்வு மருந்தும் நன்றாக வேலை செய்கின்றன. அதைக் கொடுக்கும்போது "அப்போ எனக்கு மனநோயா?" என்று கேட்பார்கள். இல்லை. மெஷினில் தெரிந்த 200 உண்மையான 200-தான், அது கிளம்பிய இடம் மட்டும் சுரப்பிக் கட்டி இல்லை.